தனியாக நடக்க ஒரு மாதம்

என் தங்கை புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அவர் சரிசெய்த லிஃப்ட் ஒன்று, பத்து மாடிக் கட்டடத்தில் உற்சாகம் தாங்காமல் பதினோராவது மாடிக்குப் போய் ஒருவரை இறக்கிவிட்டது. அந்த மனிதர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். என்ன, லிஃப்ட் இப்போது அங்கே போவதில்லை.

தன் மகன் சைக்கிளில் போய்த் திரும்பி வராத நாளிலிருந்து மச்சான் மகளைத் தனியாக விடவில்லை. பள்ளிக்கு ஸ்கூட்டரில் அவரே கொண்டுவிடுவார், அவரே கூட்டிவருவார். அவளுடைய அறைக்கதவைக்கூடக் கழற்றிவைத்தார். பதினாறு வயதுப் பெண். கோபத்தில் கதவை அறைந்து சாத்தலாம் என்றால் கதவு இல்லை. கடிதம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மச்சான் உரக்கப் படித்தார்.

"அம்மா, அப்பா, நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். அண்ணன் இல்லாதது எனக்கும் தினமும் வலிக்கிறது. நான் கேட்பது இரண்டுதான்: பள்ளிக்குத் தனியாக நடந்து போக வேண்டும், என் அறைக்குக் கதவு வேண்டும். பெரிய சாலை வழியாகவே போவேன். போய்ச் சேர்ந்ததும் பள்ளி அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்வேன். இருட்டிய பிறகு வெளியே போகக் கேட்கவில்லை. ஆள் ஏற்றுவதற்கு முன்னால் அப்பா லிஃப்டை மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்பாரே, அதுபோல ஒரு மாதம் பாருங்கள். சொன்னதை மீறினால் பழையபடி ஸ்கூட்டரில் வருகிறேன். முடியாது என்றால் காரணம் சொல்லுங்கள், பேசுவோம்."

மச்சான் என்னை முறைத்தார். "நீங்க எழுதிக் குடுத்தீங்களா?"

"நான் எழுதியிருந்தா ஒரு விமானமும் கேட்டிருப்பேன், மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. மறுக்க மச்சான் காரணம் தேடிப் பார்த்தார். பயத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. கடைசியில், "கதவு அப்புறம். நாளைக்கு நடந்து போ" என்றார்.

மறுநாள் அவள் கிளம்பியதும் இவரும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஸ்கூட்டர் இல்லாமல் ஹெல்மெட்! தெருநாய்கள்கூட மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. பையன் சைக்கிளோடு விழுந்த முனைவரைக்கும் போனார். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே சாலையைக் கடந்திருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கையைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அன்று பள்ளிக்குப் போகவில்லை.

சாயங்காலம் கடிதத்தில் 'தனியாக நடந்து' என்பதை அவளே அடிக்கப் போனாள். என் தங்கை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அடிக்காதடி. அவனைத்தான் திரும்பக் கேக்க முடியாது. நீ கேட்டதையாவது குடுக்கறோம்."

"அப்பாவால முடியாதும்மா."

"முடியாதுதான். இருந்தாலும் நீ போ."

மறுநாள் காலையில் தங்கை மச்சானின் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டாள். மகள் தெருமுனை திரும்பினாள். மச்சான் ஃபோன் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு வழக்கமாக வரும் பொய் ஒன்றுகூட வரவில்லை.

மணி அடித்தது.

"வந்துட்டேம்ப்பா."

"சரிம்மா" என்றார். அவள் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு பிள்ளையும் கூப்பிடுவான் என்பதைப் போல வெகுநேரம் அப்படியே இருந்தார்.