பியூரெட் நிரம்பிய விதம்

தங்கேஸ்வரியின் வலது கை ஷெல்லடியில் போனது. மருத்துவச் சான்றிதழைப் பார்த்த வளாகக் குழு, பரீட்சைகளுக்கு அரைமணி மேலதிக நேரம் கொடுத்தது. விடை எழுத வேறு பீடத்து மாணவி ஒருத்தியையும், இரசாயனச் செய்முறைக்கு ஆய்வுகூட ஊழியர் றவூபையும் ஒதுக்கியது. அவள் சொல்வதை மட்டுமே றவூப் செய்ய வேண்டும் என்பது விதி.

செய்முறைப் பரீட்சகர் கலாநிதி நல்லரத்தினத்துக்கு அது பொறுக்கவில்லை. யுத்தத்தில் அவர் இழந்தது கொழும்புப் பதவி உயர்வு ஒன்றைத்தான்.

“கை றவூபுட கை. அப்ப பாதிப் புள்ளி வெட்டத்தான் வேணும் பிள்ள. இருபது வருசம் இஞ்ச நிண்ட மனிசன், நீ சொல்லாமலே எல்லாத்தையும் செய்து தருவான்.”

பாதிப் புள்ளி போனால் அவள் சித்தியடைய மாட்டாள்.

“ஒருக்காப் பாருங்க சேர்,” என்றாள். பிறகு ஊழியர் பக்கம் திரும்பி, “றவூப் நானா, பியூரெட்டுக்க பரமங்கனேற்று ஊத்துங்க.”

றவூப் ஊற்றினார். ஊதாக் கரைசல் அந்த அளவுக் குழாயின் மேல்கோட்டைத் தாண்டி விளிம்புக்கு வந்தது. தங்கேஸ்வரி வாய் திறக்கவில்லை, றவூபும் நிறுத்தவில்லை. கரைசல் வழிந்து நல்லரத்தினத்தின் புள்ளித்தாளை நனைத்து, வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது.

“நிப்பாட்டு மனிசா!”

“தங்கச்சி இன்னும் சொல்லல்லியே சேர்.”

“இப்ப நிப்பாட்டுங்க நானா,” என்றாள் தங்கேஸ்வரி.

நல்லரத்தினம் புதுத் தாள் எடுத்துவந்தார். புள்ளி வெட்டும் கதையை விட்டுவிட்டார். ஆனால் அந்த ஊதாச் சட்டையோடு மேலதிக அரைமணியும் அவர் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அவள் ஒரு நிமிடமும் மிச்சம் வைக்கவில்லை.