ஆறாம் நம்பர் ஹைஆ

என் கோபம் மூக்கு நுனியில இருக்குன்னு என் வீட்டுக்காரர் வாசு சொல்வார். இருக்கட்டும். ஆறு வருஷம் டிபென்டன்ட் விசாவுல வீட்டுக்குள்ளயே இருந்து பார்த்தா அவருக்கும் மூக்கு நுனிக்கு வந்திருக்கும்.

நாங்க இருக்கிறது சவுதியில, யான்புல, கடலோரப் பழைய ஊர்ல. வாசு ரிஃபைனரியில இன்ஜினியர். அவர் வேலை பார்க்கிற பக்கம் புது ஊர். ராயல் கமிஷன் கட்டினது, அதனால எல்லாரும் ஆர்.சி.ன்னுதான் சொல்வோம். இருபது கிலோமீட்டர் இருக்கும். அங்க ஒரு இந்தியன் ஸ்கூல்ல ரெண்டாம் கிளாஸுக்கு டீச்சர் வேணும்னு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. பத்தரைக்கு டெமோ கிளாஸ். நான் பி.எட். முடிச்சதே எனக்கு மறந்துபோச்சோன்னு இருந்தப்போ வந்த அழைப்பு அது. என்னைத் தவிர இன்னொரு அம்மாவையும் வரச் சொல்லியிருந்தாங்க.

சரியா அன்னிக்குப் பார்த்து வாசுவுக்கு ஷட்டவுன் டியூட்டி. விடியுறதுக்கு முன்னாடியே காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பிளான்ட்டுக்குள்ள போனை விடமாட்டாங்க. "டாக்ஸி கிடைக்கலைன்னா ஆறாம் நம்பர் பஸ் ஆர்.சி. போகும்"னு மட்டும் சொல்லிட்டுப் போனார். டாக்ஸி ஆப்புல வண்டி வருது வருதுன்னு காட்டி, மூணு தடவை கேன்சல் ஆச்சு. நான் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுல பத்ருன்னிசா ராத்தா, எனக்கு அக்கா மாதிரி. காயல்பட்டினத்துக்காரங்க. அவங்க மச்சான், அதாவது வீட்டுக்காரர், கௌஸ் முகைதீன் பாய்க்கு பஜார்ல செண்ட் கடை. ராத்தா தினமும் விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு அப்புறம் குர்ஆன் ஓதுற சத்தம் என் கிச்சன் வரைக்கும் கேக்கும். எனக்கு அரபு எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. இந்த ஊர்ல ஓடுற சின்ன பஸ்ஸுகள்ல போர்டு முழுக்க அரபுதான், நம்பர் உட்பட.

"ராத்தா, கொஞ்சம் கூட வாங்க. போர்டை ஓதிச் சொன்னீங்கன்னா போதும்."

"போர்டை யாராச்சும் ஓதுவாங்களா புள்ள? அதைப் படிக்கல்ல வேணும்," அப்படின்னாங்க. ஆனா அபாயாவை மாட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அவங்க மனசு அப்படி.

முதல்ல வந்த பஸ்ஸுல 'V' போட்டிருந்துச்சு. ரோமன் அஞ்சுன்னு நான் நினைச்சேன்.

"அது ஏழு," அப்படின்னாங்க ராத்தா. "மேல 'நக்ல்'னு இருக்கு. பேரீச்ச மரம். குர்ஆன்ல எத்தனை இடத்துல வருது! யான்பு நக்ல்னு மலைப்பக்கம் இன்னொரு ஊர் இருக்குல்ல, தோட்டமெல்லாம் இருக்குமே, அங்க போறது. நமக்கு வேணாம்."

சபாஷ்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த பஸ்ஸுல இங்கிலீஷ் ஏழு மாதிரியே ஒண்ணு. மறுபடியும் ஏழுன்னேன். "இல்ல, இதுதான் ஆறு"ன்னாங்க. எனக்கு உயிரே வந்துச்சு. கையைத் தூக்கப் போனேன். ராத்தா கண்ணைச் சுருக்கி, கையால எழுதி ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக் கூட்டினாங்க. "மேலயும் கீழயும் ஜபர் ஜேர் குறி ஒண்ணும் போடாம எழுதியிருக்கான் பாரு... அல்... ஹை... ஆ."

அவ்வளவுதான். என் கையைப் பிடிச்சு ஒரே இழு. பக்கத்துல இருந்த ஏ.சி. ரிப்பேர் கடை மறைவுக்கு வந்து நின்னோம். பஸ் போயிடுச்சு.

"என்ன ராத்தா?"

"ஹைஆ புள்ள! ஹைஆன்னா யாருன்னு தெரியாதா? தொழுகை நேரத்துல கடையை அடைன்னு சுத்தி வருவாங்களே, மதப் போலீஸ். அவங்க வண்டி அது. உன் தலையில முக்காடுகூட இல்ல."

நான் இந்த ஊருக்கு வந்த நாள்லயிருந்து அவங்க யாரையும் பார்த்ததில்லை. ஆனா ராத்தா இருபத்தஞ்சு வருஷமா இங்க இருக்கிறவங்க. ஹைஆன்னு காதுல விழுந்தா இன்னும் தானா ஷட்டரை இறக்கிடுவாங்க.

சந்தேகத்தோட நின்னேன். கால் மணி நேரத்துல அதே ஆறு, அதே அட்டையோட இன்னொரு பஸ். இந்தத் தடவைதான் போன்ல மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறது ஞாபகம் வந்து கேமராவை நீட்டினேன். அது அரபை இங்கிலீஷாக்கி 'தி அத்தாரிட்டி'ன்னு காட்டுச்சு. அத்தாரிட்டியாம்! ரெண்டு பேருமா கடை மறைவுக்குப் போயிட்டோம். அந்த பஸ்ஸும் போயிடுச்சு.

மணி பத்து. அழுகை வந்துடுச்சு, அதுகூட கோபத்துலதான் வந்துச்சு. இன்னொரு அம்மா நேரத்துக்குப் போயிருப்பா. மூணாவது ஆறு வந்தப்போ உள்ளே பார்த்தேன். ஜன்னலோரம் ரெண்டு பிலிப்பைன் நர்ஸுங்க, மடியில டிபன் பாக்ஸ். முக்காடு ஒருத்திக்கும் இல்லை. ராத்தா இழுக்க இழுக்க ரோட்டுக்கு இறங்கிக் கையைக் காட்டினேன். பாகிஸ்தான் டிரைவர் பிரேக் போட்டார்.

"பாய், ஆர்.சி.?"

அவர் அட்டையைத் தட்டிக் காட்டினார். "யேஹி தோ லிக்கா ஹை, மேடம். அதான் எழுதியிருக்கே. ஹைஆ மலகிய்யா. ராயல் கமிஷன். சின்ன அட்டை, பாதிதான் எழுத முடிஞ்சுது. எல்லாரும் ஹைஆன்னுதான் சொல்வாங்க. யல்லா, ஏறுங்க!"

நாங்க ஆர்.சி.ன்னு சொல்ற ஊரை அரபுக்காரங்க ஹைஆன்னு சொல்றாங்க. கமிஷன்னாலும் ஹைஆ, ஷட்டர் இறக்கச் சொல்றவங்கன்னாலும் ஹைஆ.

ராத்தாவும் என்கூடவே ஏறிட்டாங்க. உட்கார்ந்ததும் என் வாய் சும்மா இருக்கலை. "தினம் ஓதி என்ன ராத்தா, அர்த்தம் தெரியவேணாமா?"ன்னு கேட்டுட்டேன்.

ராத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஸ்கூல் வர்ற வரைக்கும் திரும்பவே இல்லை.

ஸ்கூல்ல இன்னொரு அம்மா டெமோ முடிச்சுட்டுக் கைப்பையை எடுத்துக்கிட்டு வெளியே வந்தாங்க. பிரின்சிபால் வாட்ச்சைப் பார்த்தார். "பீரியட்ல பத்து நிமிஷம்தான் மிச்சம். ஒரு பக்கம் படிக்க வைங்க, பார்க்கலாம்"னு கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்தார்.

அக்‌ஷய்னு ஒரு குட்டிப் பையன் எழுந்து படிச்சான். 'island' வந்துச்சு. 'இஸ்-லேண்ட்'னு சத்தமா, தைரியமா படிச்சான். கிளாஸே கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது. பையன் தலை தொங்கிப்போச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அந்தத் திரும்புதலை அரைமணி முன்னாடிதான் பார்த்திருந்தேன். சிரிச்ச பசங்களைப் பார்த்துச் சொன்னேன்: "அவன் ஒரு எழுத்தைக்கூட விடலை. எழுதியிருக்கிறதை அப்படியே படிச்சான். இந்த வார்த்தை ஒரு போக்கிரி, எஸ்ஸை எழுதிட்டுச் சொல்லாம விட்டுடும். யாராவது சொல்லிக் கொடுத்தாத்தான் தெரியும். எனக்கும் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்." பையன் மெதுவா என் பக்கம் திரும்பினான். 'ஐலண்ட்'னு மறுபடி படிச்சான்.

பெல் அடிச்சுது. பிரின்சிபால் எழுந்து வந்தார். "ஞாயித்துக்கிழமைலேருந்து வந்துடுங்க. ஆனா இப்படி லேட்டா வரக்கூடாது."

வெளியே ராத்தா பெஞ்சுல உட்கார்ந்து எதையோ முணுமுணுன்னு ஓதிக்கிட்டு இருந்தாங்க. எனக்காக துஆ கேட்டாங்களாம். அர்த்தம் தெரியுமான்னு கேட்ட வாயைக் கிள்ளிக்கணும் போல இருந்துச்சு.

"வேலை கிடைச்சுடுச்சு ராத்தா. நான் சொன்னது தப்பு. நீங்க படிச்சதுல ஒரு எழுத்துகூட தப்பில்ல."

"அல்ஹம்துலில்லா," அப்படின்னாங்க. அவ்வளவுதான். முகம் இன்னும் தெளியலை.

திரும்பி வர்ற பஸ்ஸும் ஆறுதான், வேற அட்டை. ராத்தா அட்டைப் பக்கமே பார்க்கலை. நானும் கையைக் காட்டாம நின்னேன். டிரைவர் ஹார்ன் அடிச்சார்.

"ஏறு புள்ள, போயிடுவான்."

"நீங்க சொல்லாம எப்படி ஏறுறது?"

ராத்தா மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் அட்டையைப் பார்த்து, "அல் பஹ்ர். கடல். நம்ம கடலோர ஊருதான்," அப்படின்னாங்க. "இதுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்."

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டாப்புல நான் தனியாத்தான் நின்னேன். பால் வாங்கப் போறேன்னு ராத்தா வந்து சேர்ந்தாங்க. பால் கடை எதிர்த் திசையில இருக்கு. பஸ் திருப்பத்துல தெரிஞ்சதும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு, ஸ்டாப்புல நின்ன எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க.

"ஆறு. அல் ஹைஆ. எங்க டீச்சர் ஸ்கூலுக்குப் போற பஸ்."