அதே கயிறு

பாரந்தூக்கியின் கயிறு அறுந்து, மூட்டைகள் விழுந்ததில் சரீப் இறந்தான். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மறுநாளும் பயன்படுத்தினார்கள்.

துறைமுகத் தொழிற்சங்கச் செயலாளர் குணமணி அதைப் பற்றி நீளமாக எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சரீப்பின் மைத்துனன் பாயிஸ் சத்தமாக வாசித்தான். கேட்டவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள்.

“வாசிச்சு முடிஞ்சுதெண்டே ஒருத்தருக்கும் விளங்கேல்ல, அண்ணன்,” என்றான் பாயிஸ். “இன்னும் இருக்கோ எண்டு என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டாங்க.”

குணமணி கடைசிப் பந்தியைப் பார்த்தார். ‘இதுபற்றி மேலும் பல கூறலாம். சம்பந்தப்பட்டோர் ஆவன செய்வார்களாக.’

“சம்பந்தப்பட்டவன் ஆர்? நாங்கதானே கீழ நிக்கிறம்.”

குணமணி அந்தப் பந்தியை வெட்டினார். நடுவில் புதைந்து கிடந்த ஒரு செய்தியை எடுத்து முடிவில் வைத்தார். புதிய தாள் இப்படி முடிந்தது: ‘கயிறு நைந்துவிட்டது என்று சரீப் இறப்பதற்கு முதல்நாளே சொன்னார். அதே கயிறுதான் இன்றும் தொங்குகிறது. அதன் கீழே நிற்காதீர்கள்.’

பாயிஸ் வாசித்து நிறுத்தினான். ஒருவரும் பாரந்தூக்கியின் பக்கம் போகவில்லை. மத்தியானத்துக்குள் புதுக் கயிறு வந்தது. அந்தக் கடைசி வரிகளை மட்டும் ஆட்கள் சரீப்பின் ஊரான கிண்ணியா வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அங்கே, கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த சரீப்பின் மனைவி பல்கீஸும் அவற்றைக் கேட்டாள். தம்பி பாயிஸ் வந்ததும் அவனிடம் கேட்டாள்.

“முதல்நாளே தெரியுமெண்டா, அவர் ஏன் தம்பி போனவர்?”

ஒருநாள் வேலைக்கு மறுத்தவனைத் துறைமுகத்தில் அதன்பிறகு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அதுவும் தாளில் இருந்தது, நடுவில். அதை ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.