எடுத்துவிட்ட வரி

அறையில் இருந்தவர்கள்: கிராமச் செவிலி, அவளுடைய தங்கை, மூலையில் ஊசிக்காகக் காத்திருந்த ஒரு பெண்.

மேற்பார்வையாளர் பதவிக்கு அக்கா அனுப்பவேண்டிய சுயவிவரச் சுருக்கத்தைத் தங்கை கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தது, ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்கத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் ஏறிவிட்டன.

“‘கிராம மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்’னு மொட்டையா போட்டா எவன் நம்புவான்? ஒரு சம்பவம் சொல்லுக்கா. இல்லன்னா இந்த வேலை கைநழுவிடும்.”

செவிலிக்கு ஒரு சம்பவம் வாய்வரை வந்தது. புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் கருத்தடை ஊசிக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். பேர் போடாவிட்டாலும் சின்ன ஊரில் ஆள் தெரிந்துவிடும். மூலையில் இருந்தவளும் அப்படி வந்தவள்தான். அவள் கண் கதவிலேயே இருந்தது.

“சொல்ற மாதிரி ஒண்ணுமில்லடி. அந்த வரியை எடுத்துடு.”

“எடுத்தா என்னக்கா மிஞ்சும்? மத்ததெல்லாம் எல்லாரும் எழுதுறதுதான்.”

“மிஞ்சுறது மிஞ்சட்டும். நீ கொஞ்சம் வெளிய போ.”

“என்கிட்டயுமா ரகசியம்?”

“உன்கிட்டயும்தான்.”

தங்கை முணுமுணுத்தபடி எழுந்து போனாள். செவிலி அவள் பின்னாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.