ஒரே மூச்சில் பத்து மீட்டர்

நீச்சல் டீச்சரின் நோட்டில் எட்டு வாரப் பாடமும் வரிசையாக இருந்தது. முதலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது. பிறகு மிதப்பது, மிதந்தபடியே முழங்காலை மடக்கி எழுந்து நிற்பது. அப்புறம் சுவரை உதைத்துச் சறுக்குவது, மிதவைப் பலகையைப் பிடித்துக் காலடிப்பது. காலடித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுப்பது. அது பழகின பிறகுதான் கை வீச்சு.

நான்காவது வாரம் தலைமையாசிரியர் பள்ளி நீச்சல் குளத்துப் பக்கம் வந்தார். தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர். பிள்ளைகள் வரிசையாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுவதைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கை எப்ப வரும்?"

"மூச்சு வந்தப்புறம் சார். ஏழாவது வாரம்."

"பெற்றோர் தினம் எட்டாவது வாரம். வந்தவங்களுக்குக் குமிழியா காட்டுவீங்க? நீச்சல்னா கைதான் டீச்சர். மூச்சை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்."

டீச்சர் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இரண்டு வார்த்தை பேசவும் செய்தாள். ஆனால் அவள் தற்காலிக டீச்சர். இருக்கிற இடம் நிலைக்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள். மூச்சுப் பாடத்தைத் தாண்டிக் கைக்குப் போனாள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் புதைத்து, குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்தார்கள். பத்து மீட்டர். தண்ணீர் அவர்கள் நெஞ்சளவுதான். மூச்சு முட்டினால் நின்றுவிடலாம்.

பெற்றோர் தினத்தில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைமையாசிரியர் நீட்டிய முப்பது சான்றிதழிலும் டீச்சர் கையெழுத்துப் போட்டாள். 'ஃப்ரண்ட் க்ரால் (கைவீச்சு நீச்சல்) நீந்தத் தெரியும்' என்று அச்சடித்திருந்தது. கை கூசியது. கூசினாலும் போட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு ஒரு அப்பா மகளோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்பது வயது, குட்டியாக இருப்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் குருவி என்று பெயர்.

"நாளைக்குக் காலைல ஏரிக்குப் போறோம் டீச்சர். படகுலேருந்து குதிச்சு நீந்தப் போறா. ஆறு மாசமா நச்சரிச்சா, நீச்சல் வந்தாத்தான்னு சொல்லியிருந்தேன்."

டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றாள். "வேணாங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம இறக்காதீங்க. அவளுக்கு இன்னும் நீச்சல் வரல."

"இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டது தப்பு. இவளுக்கு நீந்திக்கிட்டே மூச்செடுக்கத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கல. ஒரு மூச்சு முடிஞ்சா இவ நின்னாகணும்."

அப்பா சிரித்தார். கெட்ட மனிதரில்லை, மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அதுதான் வினையாகப் போயிற்று. "என் கண்ணால பாத்தேன் டீச்சர். மீன் மாதிரி போனா."

கண்ணால் காண்பதும் பொய் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அதை இவரிடம் யார் சொல்வது? காட்டித்தான் ஆக வேண்டும். ஆழமான பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்தாகிவிட்டது. "குருவி, இந்தப் பக்கம் நீந்து. அந்தச் சுவரைத் தொட்டதும் நிக்காம திரும்பி வா," என்றாள்.

குருவி இறங்கினாள். அழகாகத்தான் போனாள். திரும்பி வரும் வழியில் பாதியில் திணறுவாள், நிற்பாள், அப்பா பார்த்துவிடுவார் என்று டீச்சர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். குருவி எதிர்ச்சுவரைத் தொட்டாள். ஒரு கணம் தண்ணீருக்கடியில் கால்விரல் தரையில் ஊன்றியது, தலை மேலே வந்தது, ஒரு மடக்கு காற்று. மறுபடியும் முகத்தைப் புதைத்து, கைவீசி, நேராக இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். ஊன்றிய கால் கரையில் நின்ற அப்பாவுக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "போயிட்டு வந்துட்டாளே."

"கால் ஊனினா. நீங்க பாக்கல."

"டீச்சர், உங்களுக்கு இன்னிக்குக் களைப்பு. போய் ரெஸ்ட் எடுங்க."

அவள் தலைமையாசிரியரைத் தேடி ஓடினாள், அவர் கார் கிளம்பியிருந்தது. திரும்பி வருவதற்குள் அப்பாவும் மகளும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கெஞ்சினாள். "அந்தச் சான்றிதழைக் கிழிச்சுப் போடுங்க. நான் எழுதித் தரேன், இவளுக்கு நீந்தத் தெரியாதுன்னு." அப்பா சான்றிதழைப் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

குருவிதான் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், ஏரியில நடுவுல கால் எட்டும்ல?"

"எட்டாது கண்ணு. எட்டவே எட்டாது."

குருவி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர் சும்மா பயமுறுத்துறாங்கடா," என்றார் அப்பா. குருவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.