நடு வட்டம்

ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் சுடோகு போட்டியின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அம்பு சுடோகு. அம்பு போகும் கட்டங்களின் கூட்டுத்தொகை, அது புறப்படும் வட்டத்தில் வரவேண்டும். புதிரை அமைத்தவள் எப்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் வேலை. போட்டிக்கென்று அவள் அமைத்த முதல் புதிர் இது.

போன ஆண்டு ஜெயித்த போலீஸ்காரர் விஜயபாண்டி எழுந்து நடுவர் மேசைக்கு வந்தார்.

"சார், புதிரு தப்பு. நடு வட்டத்து அம்புல நாலு கட்டம் இருக்கு. எம்புட்டுக் கொறச்சுப் போட்டாலும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பத்து ஆயிருது. வட்டத்துல பத்து எப்படி எழுத?"

அவர் குரல் அரங்கு முழுக்கக் கேட்டது. சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சி தன் தாளை இழுத்தாள். அந்த அம்பு முதலில் மூன்று கட்டம்தான். இரண்டு விடை வந்ததால் மூலை வரை நீட்டினாள். நீட்டிய பிறகு ஒரே ஒருமுறைதான் போட்டுப் பார்த்திருந்தாள்.

அமைப்பாளர் கௌதம்ராஜ் குனிந்து கேட்டார். "ஏம்மா, ரத்து பண்ணிரவா?"

"செத்த பொறுங்க சார்."

தாளைப் பார்த்தாள். எண்கள் மங்கின. நடு வட்டத்திலிருந்து இடது மேல் மூலைக்குச் சாய்வாகப் போகும் அம்பு. ஒன்பது கட்டம் கொண்ட மூலைப் பெட்டிக்குள் மூன்று கட்டங்கள். அவை மூன்றும் வேறு வேறு எண்கள், கூட்டினால் குறைந்தது ஆறு. வட்டத்தை ஒட்டிய நாலாவது கட்டமோ நடுப் பெட்டியில் இருக்கிறது. அந்த மூன்றோடு அதற்கு வரிசையும் பொதுவில்லை, நெடுக்கும் பொதுவில்லை. அம்பில் ஒரே எண் திரும்ப வரலாம் என்று விதித்தாளிலும் போட்டிருக்கிறது. அதனால் அங்கே மறுபடியும் ஒன்று வரலாம். ஆறும் ஒன்றும் ஏழு. வட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும்தான். நடு வரிசையில் எட்டும் நடு நெடுக்கில் ஒன்பதும் கொடுத்தாயிற்று. ஏழுதான்.

மூச்சு வந்தது. ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் எல்லோருக்கும் விடை தெரிந்துவிடும்.

"புதிரு சரி சார். விதித்தாளைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. அம்புட்டுதான் சொல்ல முடியும்."

"நம்புற மாதிரி இல்லையே," என்று முணுமுணுத்தபடி விஜயபாண்டி இடத்துக்குப் போனார்.

முதலில் யாரும் எழுதவில்லை; பிறகு ஒவ்வொருவராகப் பேனாவை எடுத்தார்கள். வேறெங்காவது தவறு இருந்தால்? எப்சி வாய்க்குள் ஜெபித்தாள். யாராவது முடித்துக் கையைத் தூக்க வேண்டுமே.

பின்வரிசையில் மாரீஸ்வரி தூக்கினாள். வத்திராயிருப்பு மருந்துக்கடைக்காரி. கௌதம்ராஜ் அவளது தாளை விடையோடு ஒவ்வொரு வரிசையாக ஒத்துப் பார்த்தார். எப்சியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரியா இருக்கு," என்றார்.

விஜயபாண்டி மூன்றாவதாக முடித்தார். தாளைக் கொடுத்துவிட்டு எப்சியிடம் வந்தார்.

"அம்புல ஒரே எண்ணு ரெண்டு வாட்டி வராதுன்னு நெனச்சுட்டேம்மா. சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்கோ."

"நானே ஒரு நிமிசம் அப்படித்தான் நெனச்சேண்ணே," என்றாள் எப்சி.