தீர்வுத் தாளில் இருநூற்றுப் பத்து

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். மதிப்பெண்ணைக் கத்தரிப்பதில் கை நீளம். இந்த ஆண்டுத் தேர்வில் ஆறாவது கேள்வியும் அதன் தீர்வும் அவர் எழுதியவை. ஒன்பது ஆண்டுகளாக அவருடைய தீர்வுத் தாளில் யாரும் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. அதைப் பற்றி அவராகப் பேசமாட்டார். யாராவது பேசினால் தடுக்கவும் மாட்டார்.

கேள்வி இதுதான்: "வழவழகொழகொழ" என்பதன் எட்டு எழுத்துகளையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? அவற்றில் இரண்டு "கொ"வும் அடுத்தடுத்து வராதவை எத்தனை? "கொ"வை ஒரே எழுத்தாகக் கொள்க. முதல் பகுதிக்கு இரண்டு மதிப்பெண், அடுத்ததற்கு மூன்று.

மதியம் இரண்டரைக்கு, அடுத்த வரிசை மேசையிலிருந்து அண்ணி கூப்பிட்டார். அண்ணன் மனைவி, வேறொரு பள்ளியில் கணக்கு ஆசிரியை.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. இந்தப் பிள்ளை முன்னூத்திப் பதினஞ்சுன்னு எழுதியிருக்கு. தப்புன்னு அடிக்கக் கை வரமாட்டேங்குது."

"தீர்வுல இருநூத்திப் பத்துன்னு போட்டிருக்கேனே அண்ணி. அடிங்க."

"எப்படி வந்துச்சு? சொல்லுங்க, கேக்குறேன்."

கத்தரி நின்றவாக்கிலேயே சொன்னார். "எட்டு எழுத்து. வ ரெண்டு, ழ நாலு, கொ ரெண்டு. எட்டு ஃபேக்டோரியலைத் தொண்ணூத்தாறால வகுத்தா நானூத்தி இருபது. இப்ப கொ ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டா ஏழு பொருள். ழ நாலு, வ ரெண்டு. நூத்தியஞ்சு விதம். கட்டுக்குள்ள ரெண்டும் இடம் மாறும், ரெண்டால பெருக்கு. நானூத்தி இருபதுல இருநூத்திப் பத்து போனா இருநூத்திப் பத்து."

"கட்டுக்குள்ள என்ன இருக்கு?"

"கொகொ."

"இடம் மாத்துங்க."

அவர் விரலால் காற்றில் எழுதி மாற்றிப் பார்த்தார். மறுபடியும் கொகொதான். அக்காளும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டால் பெருக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய கை அது. கேள்வியைப் பார்க்காமலே பெருக்கியிருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. மேசையில் கிடந்த காகிதத்தில் "கடகட" என்று எழுதினார். நாலு எழுத்து, மொத்தம் ஆறு வரிசை. இரண்டு "க"வும் சேர்ந்து வருவது மூன்று. தன் வழியில் இரண்டால் பெருக்கினால் ஆறு. ஆறில் ஆறு போனால் பூஜ்யம். அதாவது "க" பிரிந்து வரும் வரிசை ஒன்றுகூட இல்லை. ஆனால் கடகட என்பதிலேயே இரண்டு "க"வும் பிரிந்துதான் உட்கார்ந்திருந்தன.

"போச்சு," என்றார்.

"போகல, நாலு மணிக்குத்தான் போகும்," என்றார் அண்ணி. நாலு மணிக்கு விடைத்தாள் கட்டுகளை முத்திரையிட்டு ஏற்றிக்கொண்டு போக வண்டி வரும். அதற்குப் பின் யாராலும் தொட முடியாது. சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு மூன்று மதிப்பெண் போனது போனதுதான்.

வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவர் மறைத்துக்கொள்ளவும் இல்லை. "அண்ணி, நீங்க சும்மா இருந்திருக்கலாம்."

"உங்க அண்ணன் வீட்டுல தினம் சொல்ற வார்த்தை. புதுசா ஏதாவது சொல்லுங்க."

கத்தரி காகிதத்தோடு தலைமைத் திருத்துநரிடம் போய், கழிக்க வேண்டியது நூற்றைந்துதான் என்று சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "எத்தனை கட்டு முடிஞ்சிருக்கு?"

"முப்பத்தெட்டுங்க."

"தீர்வு யார் எழுதினது?"

"நான்தான்."

கூடம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. "கத்தரியையே கத்தரிச்சாச்சுப்பா!" என்று பின் மேசையில் ஒருவர் கத்தினார். "ஒன்பது வருஷமாக் காத்திருந்தோம்யா!" என்றார் இன்னொருவர். கத்தரிக்குக் காது சுட்டது. ஆனால் நினைத்த அளவு வலிக்கவில்லை. சிரித்தவர்கள் ஆளுக்கு இரண்டு கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறாவது கேள்வியைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

தலைமைத் திருத்துநர் தீர்வுத் தாளில் 210ஐ அடித்து 315 என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். கத்தரி போட்டார்.

தன் கட்டைப் பிரித்தபோது இருபத்தைந்து தாளில் ஆறு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். ஆறிலும் அவர் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு பிள்ளை கழித்தலே செய்யவில்லை. "வ"வையும் "ழ"வையும் முதலில் வரிசையாக நிறுத்தினால் பதினைந்து விதம். இடையிலும் ஓரத்திலுமாக ஏழு இடைவெளி. "கொ"வுக்கு அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க இருபத்தொன்று. பதினைந்தை இருபத்தொன்றால் பெருக்கினால் முந்நூற்றுப் பதினைந்து. மூன்றே வரி.

"அண்ணி, இங்க பாருங்க. என்ன அழகாப் போட்டிருக்கு."

"பாக்க நேரமில்ல தம்பி. மார்க்கைப் போடுங்க."

பெருக்கல் குறியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ஐந்துக்கு ஐந்து போட்டார். மணி மூன்றே முக்கால். அடுத்த தாளை எடுத்தார்.